குழாயை மூடு!

பல்லவி
சொட்டு சொட்டாய்ப் போகுது, குழாயை மூடு!
சொத்து போல போகுது, குழாயை மூடு!
கையை நீட்டு தங்கச்சி, குழாயை மூடு!
காது கேட்குதா அண்ணே? குழாயை மூடு!

சரணம் 1
2019 கோடை மறந்தா போச்சு?
செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சு வெடிச்சுப் போச்சு!
ஜோலார்பேட்டைத் தண்ணீர் ரயிலேறி
சென்னைக்கு வந்ததே, ஐம்பது வேகன்!
லாரி ஹாரன் கேட்டால் போதும்,
தூக்கத்தில் எழுந்து ஓடினோமே!
பச்சைக் குடம், நீலக் குடம்,
நமக்கு முன்னே வரிசையில் நின்றதே!
(சொட்டு சொட்டாய்...)

சரணம் 2
பல் தேய்க்க ஒரு சொம்பு போதும்,
அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்கு!
துணி அலசிய தண்ணீர் இருக்கு,
வாசல் கழுவ அது போதும் நமக்கு!
பைப்பைப் பிடித்து வண்டி கழுவும் மாமா,
ஒரு வாளி, ஒரு துணி போதாதா?
சரி, சேறு அப்பியிருந்தால் இரண்டு வாளி,
அதுக்கு மேலே கேட்கக் கூடாது!
(சொட்டு சொட்டாய்...)

சரணம் 3
மாடியில் டேங்க் நிரம்பி வழியுது,
மோட்டாரை நிறுத்த ஆள் இல்லையா?
ஐப்பசி மழை வரும் முன்னே
மொட்டைமாடியைக் கூட்டி வை!
குழாயில் அடைத்த சருகை எடு,
கூரை மழை கிணற்றில் இறங்கட்டும்!
துருப்பிடித்த பாட்டியின் ராட்டினம்
கிறீச் கிறீச்சென்று மறுபடி பாடட்டும்!
(சொட்டு சொட்டாய்...)