ஓடக்கூடாத ஃபேன்

(போலி ஆவணப்பட ஸ்கெட்ச்)

காட்சி 1: தாலுகா அலுவலகம், 'அ' பிரிவு. மே மாதம், காலை 11 மணி.

நின்றுபோன ஃபேன். அதன் கீழே இளநிலை உதவியாளர் கவிதா ஒரு பட்டா மாறுதல் மனுவால் விசிறிக்கொள்கிறார். மனுவைக் கொடுத்த பாட்டி எதிரே நின்று, காகிதம் போகும் பக்கமெல்லாம் கண்ணைத் திருப்புகிறார்.

பேட்டி: கண்காணிப்பாளர் ராஜமாணிக்கம்

"போன வருஷம் ஏப்ரல்ல ஃபேன் நின்னுச்சு. அன்னைக்கே ஃபைல் போட்டாச்சு. பொதுப்பணித்துறை மின் பிரிவுக்குக் கடிதம், நினைவூட்டு ஒண்ணு, நினைவூட்டு ரெண்டு. எங்க பக்கம் ஒரு தாமதமும் கிடையாது."

கோப்பைத் தூக்கிக் காட்டுகிறார். இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

பேட்டி: அலுவலக உதவியாளர் முருகேசன்

"கண்டன்சர் போயிருந்துச்சு சார். 60 ரூபா. நானே வாங்கி மாட்டிட்டேன்."

(இடைவெளி)

"ஆறு மாசம் ஆச்சு."

கேள்விக் குரல்: அப்புறம் ஏன் ஓடல?

முருகேசன் கேமராவைப் பார்க்கிறார். கதவைப் பார்க்கிறார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.

வெட்டு: சுவிட்சுக்கு மேலே ஒட்டிய தாள். 'பழுது. தொடாதீர்.' கீழே அலுவலக முத்திரை, கையொப்பம், தேதி.

பேட்டி: ராஜமாணிக்கம்

"ஓடலன்னு எழுத்துல கொடுத்திருக்கோம். கையெழுத்து என்னுது. இப்ப ஓடுனா?"

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கோப்பின் மேல் விழுகிறது. கைக்குட்டையால் கோப்பைத் துடைக்கிறார். நெற்றியைத் துடைக்கவில்லை.

பேட்டி: கவிதா

"ஃபைல முடிக்கணும்னா, யார் சரி பண்ணாங்கன்னு எழுதணும். எழுதுனா முருகேசண்ணன் மேல மெமோ வரும். அனுமதி இல்லாம அரசு சொத்துல கை வச்சதா ஆயிடும். ரிட்டயர்மென்ட்டுக்கு அவருக்கு இன்னும் ரெண்டு வருஷம்."

(மனுவால் விசிறுகிறார்)

"ரெண்டு கோடைதானே."

பேட்டி: முருகேசன்

"எனக்காகத்தான் எல்லாரும் வேர்க்கிறாங்க."

நீண்ட நேரம் பேசவில்லை.

"தினம் நான்தான் பானையில தண்ணி நிரப்பி வைக்கிறேன்."

காட்சி 2: மதிய உணவு நேரம்.

ராஜமாணிக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைக்கிறார். முருகேசன் தாளை நோகாமல் உரித்துச் சுவிட்சைப் போடுகிறார். ஃபேன் சுற்றுகிறது. டிபன் பாக்ஸ்கள் திறக்கின்றன. யாரும் மேலே பார்க்கவில்லை.

கேள்விக் குரல்: சார், ஃபேன் ஓடுதே?

ராஜமாணிக்கம்: (தயிர்சாதத்தைப் பிசைந்தபடி) "இது அலுவலக நேரம் இல்லீங்க."

கவிதா மனுவை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ஊறுகாய் பாட்டிலை வைக்கிறார். பாட்டி கிட்டே வருகிறார்.

பாட்டி: "இப்பத்தான் காத்து வருதே தாயி, அந்த மனுவப் படிச்சுப் பாரேன்."

கவிதா: "லஞ்ச் டைம் பாட்டி. உக்காருங்க, சாப்பிட்டீங்களா?"

ஒரு டப்பா மூடியில் எலுமிச்சை சாதம் பாட்டி கைக்குப் போகிறது. பாட்டி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

மணி அடிக்கிறது. சுவிட்ச் அணைகிறது. தாள் திரும்ப ஒட்டப்படுகிறது. ஃபேன் சுற்றி ஓய்கிறது.

கவிதா ஊறுகாய் பாட்டிலை நகர்த்தி, மனுவை எடுத்து விசிறத் தொடங்குகிறார். அதில் எண்ணெய் வட்டம்.

பாட்டி எழுந்து பழைய இடத்தில் போய் நிற்கிறார்.