காலஞ்சென்ற தந்தையின் கணக்கு இருப்பை வாரிசுகளுக்கு வழங்கக் கோரும் கடிதம்

கோபிசெட்டிபாளையம்
16.06.2025

அனுப்புநர்
அ. பூங்கொடி,
த/பெ. காலஞ்சென்ற நா. அர்த்தநாரி,
கொளப்பலூர், கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.
(தற்போது வசிப்பது: திருப்பூர்)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
கோபிசெட்டிபாளையம் கிளை.

பொருள்: என் தந்தை நா. அர்த்தநாரி அவர்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கு (கடைசி நான்கு எண்கள் 4417), டெபாசிட் ரசீதுகள் இரண்டு (கடைசி எண்கள் 082, 119) ஆகியவற்றின் தொகையை, நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றிதழின்படி வாரிசுகளுக்கு வழங்கக் கோருதல்.

பார்வை: கோபிசெட்டிபாளையம் சார்பு நீதிமன்றம், அசல் மனு எண் 37/2024, உத்தரவு நாள் 21.03.2025, சான்றிதழ் வழங்கிய நாள் 24.04.2025.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் தந்தை 18.02.2024 அன்று காலமானார். மஞ்சளும் நெல்லும் விற்ற பணத்தைத் தங்கள் கிளையில்தான் போட்டு வைத்திருந்தார். மூன்று கணக்குகளுக்கும் நாமினியாக இருந்தவர் என் தாயார் ருக்மணி. அவர் தந்தைக்கு முன்பே, 2021-இல் காலமாகிவிட்டார். அப்பா நாமினியை மாற்றவில்லை. எனவே நாமினி வழியில் பணம் பெற முடியாது என்றும், தொகை பெரிதாக இருப்பதால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் மட்டும் போதாது, நீதிமன்றச் சான்றிதழ் வேண்டும் என்றும் கிளையில் சொன்னார்கள். அதன்படி மனுப் போட்டு, கட்டணம் கட்டி, இப்போது சான்றிதழின் அசலையும் சான்றிட்ட நகலையும் இத்துடன் சமர்ப்பிக்கிறேன். அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாரிசுகள் நால்வர். என் தந்தையின் தாயார், அதாவது என் அப்பத்தா காளியம்மாள் (வயது 88), நான், எனக்கு மூத்தவரான என் அண்ணன் செந்தில்வேல் 2020-இலேயே தவறிவிட்டதால் அவர் மனைவி கவிதா, அவர்களுடைய மகள் தாரணி (வயது 11, மைனர்). "மகன் இறந்தபின் பெற்ற தாய்க்கு எப்படிப் பங்கு வரும்?" என்று கவுன்டரில் ஒருவர் கேட்டார். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் அவருடைய தாயாரும் ஒருவர். மகன், மகளுக்கு எவ்வளவோ அவ்வளவே தாய்க்கும். முன்னமே இறந்த மகனின் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து அந்த மகனுக்குரிய ஒரு பங்கைப் பெறுவார்கள். ஆகவே அப்பத்தாவுக்கு மூன்றில் ஒன்று, எனக்கு மூன்றில் ஒன்று, அண்ணிக்கும் தாரணிக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. நீதிமன்றமும் இப்படியே பங்கு குறித்திருக்கிறது. எங்களுக்குள் தகராறு ஏதும் இல்லை. நால்வருக்கும் உரிய பங்கை அவரவர் பெயரிலேயே தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஒருவர் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வதாக எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

பெயர் பற்றி ஒரு விவரம். தங்கள் பாஸ்புக்கில் "நா. அர்த்தநாரி" என்றும், இறப்புச் சான்றிதழில் "அர்த்தநாரீஸ்வரன்" என்றும் இருக்கிறது. நீதிமன்றச் சான்றிதழில் "அர்த்தநாரீஸ்வரன் என்கிற அர்த்தநாரி" என்று இரண்டும் சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. தனியாக வேறு ஆவணம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

இனித் தொகைக்கு வருகிறேன்.

சேமிப்புக் கணக்கில் 31.03.2025 அன்று இருப்பு ரூ. 1,86,440. சான்றிதழில் 31.07.2024 நிலவரப்படி ரூ. 1,43,015 என்று இருக்கிறது; மனுப் போட்டபோது தாங்கள் தந்த இருப்புக் கடிதத்தில் இருந்த தொகை அது. இடையில் கூடியிருக்கும் ரூ. 43,425-இல் ரூ. 40,500 என்பது 119-ஆம் டெபாசிட்டிலிருந்து செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் தலா ரூ. 13,500 வீதம் வரவான காலாண்டு வட்டி. மீதி சேமிப்பு வட்டி. சான்றிதழில் "அதன் மேல் சேரும் வட்டியும்" என்ற சொற்கள் இருப்பதால், தொகை ஒத்துப்போகவில்லை என்று திருத்தச் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை.

இந்த இருப்பில் ரூ. 2,000 எங்களுடையது அல்ல. பி.எம். கிசான் தவணை, அப்பா இறந்த பிறகு 2024 பிப்ரவரிக் கடைசியில் வரவானது. வேளாண் அலுவலகத்தில் சொல்லி அடுத்த தவணைகளை நிறுத்திவிட்டோம். அந்த ரூ. 2,000-ஐ அரசுக்கே திருப்பிவிடுங்கள். அதற்கு நால்வர் சார்பிலும் சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். பால் சொசைட்டியிலிருந்து மார்ச் மாதம் வந்த பணம் அப்படி அல்ல. அது அவர் உயிரோடு இருந்தபோது ஊற்றிய பாலுக்கானது, கணக்கிலேயே சேரும். ஏ.டி.எம். கார்டு எங்கள் கையில்தான் இருந்தது, ரகசிய எண்ணும் தெரியும். "எடுத்துக்க வேண்டியதுதானே, எதுக்குக் கோர்ட்டுக்குப் போறீங்க?" என்று சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. இறந்த நாளுக்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு ரூபாய்கூட எடுக்கப்படவில்லை என்பதைத் தங்கள் கணினியிலேயே பார்க்கலாம். கார்டை இரண்டாக வெட்டி இத்துடன் ஒப்படைக்கிறேன்.

ரூ. 2,000 போக நிற்கும் ரூ. 1,84,440-இல் அப்பத்தாவுக்கும் எனக்கும் தலா ரூ. 61,480, அண்ணிக்கும் தாரணிக்கும் தலா ரூ. 30,740. கணக்கை முடிக்கும் நாள் வரையான வட்டியையும் இதே விகிதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

082-ஆம் டெபாசிட் ரூ. 9,00,000, இரண்டு ஆண்டுக்கு 6.25 சதவீதத்தில் 10.10.2022 அன்று போட்டது. 10.10.2024 அன்று முதிர்வுத் தொகை ரூ. 10,18,848 என்று ரசீதிலேயே அச்சாகியிருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு சேமிப்புக் கணக்கு வட்டி மட்டுமே கிடைக்கும் என்று கிளையில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. இதைத் தயவுசெய்து மறுபடி பார்க்க வேண்டும். டெபாசிட் முதிர்ந்த பிறகு ஒருவர் இறந்தால்தான் அந்த விதி. என் தந்தை இறந்தது முதிர்வுக்கு முன். ரிசர்வ் வங்கியின் வட்டி விதிகளில் இந்த நிலைக்குத் தனியாகவே சொல்லியிருக்கிறது: முதிர்வு நாள் வரை ஒப்புக்கொண்ட வட்டி; முதிர்வுக்குப் பின் பணம் வங்கியில் இருந்த காலத்துக்கு, அந்தக் கால அளவுக்கு முதிர்வு நாளில் நடப்பில் இருந்த டெபாசிட் வட்டி விகிதத்தில் தனிவட்டி. எட்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் சின்னத் தொகை அல்ல. அதில் பாதிக்குச் சொந்தம் 88 வயது மூதாட்டிக்கும் ஒரு குழந்தைக்கும். ஆகவே விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை. முதிர்வுத் தொகையில் அப்பத்தாவுக்கும் எனக்கும் தலா ரூ. 3,39,616, அண்ணிக்கும் தாரணிக்கும் தலா ரூ. 1,69,808, பின்வட்டி இதே விகிதத்தில்.

119-ஆம் டெபாசிட் ரூ. 8,00,000 இன்னும் முதிரவில்லை, 05.12.2025 வரை காலம் இருக்கிறது. இதை இப்போது உடைக்க வேண்டாம். காலமும் மொத்தத் தொகையும் மாறாமல் நான்கு ரசீதுகளாகப் பிரித்துத் தாருங்கள்: காளியம்மாள் ரூ. 2,66,667, பூங்கொடி ரூ. 2,66,667, கவிதா ரூ. 1,33,333, தாரணி ரூ. 1,33,333. இறந்தவரின் வாரிசுகள் கேட்டு இப்படிப் பிரிப்பது முன்கூட்டியே எடுத்ததாகாது, அபராத வட்டிப் பிடித்தமும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்.

தாரணியின் பங்கு முழுவதையும் அவள் பெயரில் டெபாசிட்டாக வைத்து, 18 வயது நிறையும்போது அவளிடம் தர வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. சேமிப்புக் கணக்கிலிருந்தும் 082-லிருந்தும் அவளுக்கு வரும் தொகைக்கு, தாய் கவிதாவைக் காப்பாளராகக் காட்டிப் புது டெபாசிட் போட்டுத் தாருங்கள். 119-இல் பிரியும் அவள் ரசீதும் டிசம்பரில் முதிர்ந்ததும் அதே முறையில் நீட்டிக்கப்பட வேண்டும். நாமினி கலத்தை இந்த முறை யாருக்கும் காலியாக விடாதீர்கள்.

ஜாமீன் விஷயம். சொத்துள்ள இருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், முத்திரைத்தாளில் ஈட்டுறுதிப் பத்திரமும் வேண்டும் என்று கேட்கப்பட்டது. நீதிமன்றச் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்கும்போது வங்கி தன் பாதுகாப்புக்காக இவற்றைக் கேட்பது நியாயம்தான். சான்றிதழ் வந்த பிறகு எதற்கு? 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 381-ஆம் பிரிவின்படி, சான்றிதழில் கண்ட கடன்களைப் பொறுத்தவரை அது கடன்பட்டவரை, அதாவது இங்கே டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டிய வங்கியை, கட்டுப்படுத்தும் முடிவான ஆவணம். அதை நம்பி நல்லெண்ணத்தில் பணம் கொடுத்தவருக்கு முழுப் பாதுகாப்பும் அதுவே. வங்கிக்குச் சட்டமே ஜாமீன் நிற்கும்போது, ஊரில் போய் இரண்டு பேரின் பட்டா நகலைக் கேட்டு வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. தலைமை அலுவலக விதி வேறாக இருந்தால், அந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் தாருங்கள்.

அப்பத்தாவால் மாடி ஏற முடியாது, கைநாட்டு வைப்பவர். அவருக்குத் தங்கள் கிளையிலேயே கணக்கு உண்டு. அலுவலர் ஒருவர் கொளப்பலூர் வீட்டுக்கு வந்து, தங்களுக்குத் தெரிந்த இரு சாட்சிகள் முன் கைநாட்டுப் பெற்றுக்கொண்டால் பெரும் உதவியாக இருக்கும். எந்த நாளானாலும் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், நானும் அண்ணியும் அங்கே இருப்போம். வரிப் பிடித்தம் ஏதும் இருந்தால் அப்பாவின் பான் எண்ணில் போடாமல், அவரவர் பங்குக்கு அவரவர் பான் எண்ணில் காட்ட வேண்டும்.

இணைப்பு: நீதிமன்றச் சான்றிதழ் அசலும் சான்றிட்ட நகலும், 21.03.2025 உத்தரவின் நகல். அப்பா, அம்மா, அண்ணன் மூவரின் இறப்புச் சான்றிதழ்கள். வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழ் (கேட்கவில்லை என்றாலும் வைத்துள்ளேன்). பாஸ்புக், இரண்டு டெபாசிட் ரசீதுகளின் அசல், வெட்டிய ஏ.டி.எம். கார்டு, நால்வரின் ஆதார் நகல், பெரியவர்கள் மூவரின் பான் நகல், தாரணியின் பிறப்புச் சான்றிதழ், நாங்கள் நிரப்பிய உரிமைக்கோரல் படிவம் (அப்பத்தாவின் கைநாட்டு மட்டும் பாக்கி), ரூ. 2,000 திருப்பச் சம்மதக் கடிதம். ஒவ்வொருவர் கணக்கின் ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்க நகல்.

ஆவணங்கள் சேர்ந்த 15 நாட்களுக்குள் இறந்தவர் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி 01.07.2025-க்குள் தொகை வரவாகும் என்று எதிர்பார்க்கிறேன். ஏதாவது குறை தென்பட்டால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். இக்கடிதத்தின் நகலில் தேதியுடன் முத்திரை வைத்துத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ. பூங்கொடி

சம்மதித்துக் கையொப்பமிடுபவர்: செ. கவிதா (தனக்காகவும், மைனர் மகள் தாரணியின் காப்பாளராகவும்)