மலைவாழையில் முடிக்கொத்து நோய்: முதலில் அசுவினி, அப்புறம் மண்வெட்டி (வெபினார் பதிவு)

பதிவு விவரம்

நீளம்: 1 மணி 14 நிமிடம் 20 விநாடி. மொழி: தமிழ், தமிழ் எழுத்து வரிகளுடன். ஜூன் மாத இரண்டாம் சனிக்கிழமை மாலை 6:30-க்கு நேரலையில் நடந்தது. கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், கே.சி.பட்டி, பாச்சலூர் பக்கம் காப்பிக்கு இடையே வாழை வைத்திருப்பவர்களுக்காக இதை நடத்தினோம். கீழ்நாட்டு வாழை விவசாயிகளுக்கும் முதல் 45 நிமிடம் அப்படியே பொருந்தும்.

சுருக்கம்

விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழம் சேரும் பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. குறியீடு கிடைத்தும் தோட்டம் திரும்பி வரவில்லை. கீழ்ப் பழனியில் 18,000 ஹெக்டேர் வரை பரவியிருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதற்கு முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, வந்த மரம் தேறாது. ஆனால் பரவாமல் தடுக்க முடியும். அதற்கான வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு முழுவதும் பேசப்படுகிறது. நேரம் இல்லாதவர்கள் 31:40 முதல் 44:10 வரை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

பேசியவர்கள் (பெயர்கள் முதல் ஸ்லைடில் உள்ளன)

முதல் பேச்சாளர் வேளாண் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழை வைரஸ்கள் பரவும் விதம் குறித்து முனைவர் பட்டம் பெற்றவர். திசு வளர்ப்புக் கன்றுகளில் வைரஸ் பரிசோதனை செய்யும் ஆய்வகத்திலும் பணியாற்றியிருக்கிறார்.

இரண்டாம் பேச்சாளர் பண்ணைக்காடு பக்கத்து விவசாயி. காப்பி, மிளகு, மலைவாழை மூன்றையும் ஒரே தோட்டத்தில் வைத்திருக்கிறார். பட்டம் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு தோட்டத்தையே நோய்க்குக் கொடுத்து, மறுபடி நட்டு, தார் வெட்டியவர் என்பது எங்களுக்குப் போதுமான தகுதி.

நடத்தியவர் தோட்டக்கலைப் பட்டதாரி, எங்கள் விவசாயிகள் குழுவின் செயலாளர்.

நேரக் குறிப்புகள்

00:00 – வரவேற்பு. நேராக 03:15-க்குப் போய்விடலாம்.

03:15 – நோயின் வரலாறு. 1889-இல் ஃபிஜியில் முதல் பதிவு, 1913-இல் இலங்கை, 1940-இல் கேரளம். 1920-களில் ஆஸ்திரேலியாவில் மகீ என்ற ஆய்வாளர் இதைப் பரப்புவது வாழை அசுவினி என்று காட்டினார். நோய்க்கன்றை அழிப்பதைச் சட்டமாக்கித்தான் அங்கே வாழையைக் காப்பாற்றினார்கள். ஒருவர் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை, ஊரே சேர வேண்டும் என்று பேராசிரியர் இங்கே அழுத்திச் சொல்கிறார்.

12:50 – அடையாளம் காண்பது. இலை குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே பிடிக்க வேண்டும். இலைக்காம்பின் மேல் உள்ள வெள்ளைச் சாம்பலைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டால், கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். இலையின் அடிப்பக்கத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தால், நடுநரம்போடு சேரும் இடத்தில் அந்தக் கோடு கொக்கி போல வளைந்திருக்கும். 15:20-இல் கேமரா மிக அருகில் போகிறது. போனில் பார்ப்பவர்கள் அங்கே நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள்.

22:05 – சத்துக்குறைவையும் இந்த நோயையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது எப்படி.

25:30 – அசுவினி எங்கே இருக்கும்? அடிமட்டையின் பழைய உறைக்குள்ளும் விரியாத குருத்திலும். எறும்பு வரிசையாக ஏறினால் அங்கே தேடுங்கள். நோய் மரத்தில் சில மணி நேரம் சாறு உறிஞ்சிய அசுவினி, தன் ஆயுள் முழுக்க வைரஸைச் சுமக்கும். ஆனால் அதன் குட்டிகளுக்குப் பிறவியிலேயே வைரஸ் வராது.

31:40 – நோய் மரத்தை எடுக்கும் முறை. முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும், குருத்திலும் அடிமட்டையிலும் மருந்து படும்படி. அதன் பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். பலரும் நோயைப் பார்த்ததும் பதறி அரிவாளை எடுத்துவிடுகிறார்கள். வெட்டிய மரம் வாடும்போது அசுவினி பக்கத்து மரத்துக்கு இடம் மாறுகிறது, கூடவே நோயும் போகிறது. பிறகு அந்தக் குத்து முழுவதையும், பக்கக் கன்றுகளோடு, கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி துளிர்க்காதபடி கிழங்கைத் துண்டு போட வேண்டும். ஒரு குத்தில் ஒரு மரத்துக்கு வந்தாலே மற்றவை நன்றாக இருக்கின்றன என்று விட்டுவைக்கக் கூடாது.

40:55 – மழையில் மின்சாரம் போனதால் ஒரு நிமிடம் ஒலி தெளிவாக இல்லை. அந்தப் பகுதிக்கு எழுத்து வரியைக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறோம்.

44:10 – கன்று எங்கே வாங்குவது. பக்கத்துத் தோட்டத்தில் சும்மா கிடைக்கும் கன்று, வெளியே நோய் தெரியாமலேயே வைரஸோடு வரலாம். வைரஸ் சோதனை செய்து சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்றுதான் பாதுகாப்பு. 2006 முதல் மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை இதற்கான தேசியச் சான்று முறையை நடத்துகிறது. ரசீதில் சான்று எண் கேளுங்கள்.

52:30 – பண்ணைக்காடு விவசாயியின் அனுபவம். காப்பி நிழலுக்குள் வாழைக் குத்துகளை எண் போட்டு வைத்து, வாரம் ஒரு முறை சுற்றிவருவதை அவரே விளக்குகிறார். கைவிடப்பட்ட பக்கத்துத் தோட்டத்தைப் பற்றி அவர் பேசும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அடுத்தவர் நிலத்துக்குள் எப்படிப் போய்க் கேட்பது என்ற சங்கடத்தை இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

1:02:15 – கேள்வி-பதில். அரிவாள் வழியாகப் பரவுமா? பரவாது. மண்ணில் தங்குமா? தங்காது, ஆனால் விடுபட்ட கிழங்குத் துண்டு துளிர்த்தால் நோயும் அதோடு வரும். பழத்தைச் சாப்பிடலாமா? சாப்பிடலாம். காட்டுமாடு, யானை குறித்த கேள்விகளுக்குத் தனியாக ஒரு கூட்டம் நடத்துகிறோம்.

ஸ்லைடுகள்

மொத்தம் 34. எண் 1–3 அறிமுகம், 4–8 வரலாறு, 9–17 அறிகுறிப் படங்கள், 18–20 அசுவினி, 21–26 அழிக்கும் முறை, 27–30 கன்றுத் தேர்வு, 31–34 தோட்டப் பதிவேடு. அச்சிட நினைப்பவர்கள் 9–17-ஐக் கலரில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் அந்தப் பச்சைக் கோடு தெரியாது.

இறக்கிக்கொள்ள

- முழு ஸ்லைடுகள்: `/pathivu/malaivazhai/slides.pdf` (6.2 MB)
- சுவரில் ஒட்ட ஒரு பக்க அறிகுறிப் படம்: `/pathivu/malaivazhai/arikuri.pdf`
- வாராந்திரச் சுற்றுப் பதிவேடு: `/pathivu/malaivazhai/pathivedu.xlsx`. கணினி இல்லாதவர்களுக்கு அச்சிட `pathivedu.pdf`
- ஒலி மட்டும்: `/pathivu/malaivazhai/oli.mp3` (மலைப்பாதையில் சிக்னல் விட்டுப்போகும், வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்)
- எழுத்து வரி: `/pathivu/malaivazhai/varigal-ta.srt`

மருந்தின் அளவு ஸ்லைடுகளில் வேண்டுமென்றே இல்லை. வாங்கும் டப்பாவின் லேபிளையும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரின் பரிந்துரையையும் பாருங்கள்.

பயன்பாட்டு உரிமை: கட்டணம் இல்லாமல் பகிரலாம், கூட்டங்களில் திரையிடலாம். அறிகுறிப் படங்களை மட்டும் வெட்டி எடுத்தால் ஸ்லைடு எண்ணைச் சேர்த்துப் போடுங்கள்.

தேடுசொற்கள்: மலைவாழை, விருப்பாச்சி, சிறுமலை, முடிக்கொத்து நோய், வாழை அசுவினி, திசு வளர்ப்புக் கன்று, கீழ்ப் பழனி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, காப்பி ஊடுபயிர்