சிங்கப்பூர் போகும் பங்காளிக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில் ஃப்ளைட். மாப்ள கிளம்புகிறான். நம் பக்கத்து ஆட்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய காலத்தில் திரும்பி வர வருஷக் கணக்காகுமாம். இவன் பொங்கலுக்கே லீவு கேட்டு வைத்திருக்கிறான், அதனால் யாரும் ரொம்ப அழ வேண்டாம்.

காரைக்குடியில் இவனோடு சுற்றாத தெரு இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் தூக்குச்சட்டி ஒன்றுக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுவான். கடைக்காரர் இறங்கி வந்ததும், "சரிண்ணே, யோசிச்சுச் சொல்றேன்" என்று நடையைக் கட்டுவான். அந்தக் கடைப் பக்கம் நான் இன்னும் தலைகாட்டுவதில்லை. பழனி பாதயாத்திரையில் குன்றக்குடி தாண்டும் முன்பே கால் வலி என்று உட்கார்ந்தவனும் இவன்தான். ஆனால் அன்னதானப் பந்தி கண்ணில் பட்டால் முதல் ஆளாக நிற்பான்.

பெட்டியை நேற்று பார்த்தேன். ஆத்தா கட்டிக் கொடுத்த மாவுருண்டை, சீப்புச் சீடை, மணகோலம் போக, சட்டைக்கு இடம் ஒரு மூலைதான்.

மாப்ள, அங்கே டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் போ, இந்த முறையாவது நொண்டாமல் நட. அப்புறம், பைக் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பெட்ரோல் காசை மாசாமாசம் அனுப்பிவிடு.