உவர்மலை வீட்டை எங்கள் சொந்தக் குடியிருப்புக்காகக் காலி செய்து தரக் கேட்கும் அறிவித்தல்

தம்பலகாமம்
2025 மே 26

தம்பிக்கும் தங்கச்சிக்கும்,

போனில் சொன்னதைத்தான் எழுதுகிறேன், ஆனால் இதை முறையான அறிவித்தலாக எடுத்துக்கொள்ளுங்கள். உவர்மலையில் நீங்கள் இருக்கும் பச்சைக் கேற் வீட்டை எங்கள் குடும்பம் குடியிருப்பதற்காகத் திருப்பி எடுக்கிறேன். உங்கள் மாத வாடகைக் குடியிருப்பு 2025 செப்டம்பர் 30 ஆம் திகதியோடு முடிகிறது, அன்றைக்குள் வீட்டைக் காலி செய்து திறப்பைத் தர வேண்டும்.

காரணம் ஒன்றுதான். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒப்பரேஷன் செய்தது உங்களுக்குத் தெரியும். கிளினிக், உடற்பயிற்சி சிகிச்சை எல்லாம் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில், ஒவ்வொரு தடவையும் இங்கேயிருந்து வான் பிடித்து, பின் சீட்டில் தலையணை அடுக்கி அவவைச் சாய்த்துக் கொண்டுபோகிறோம், ரோட்டில் ஒரு குழி வந்தாலே கத்துகிறா. உவர்மலை வீட்டில் படி ஏறத் தேவையில்லை, குளியலறையும் அறையோடு சேர்ந்தே இருக்கிறது. அதில் அம்மா, நான், மனைவி மூன்று பேரும் இருக்கப்போகிறோம். டவுனுக்குள் எனக்கு வேறு வீடு கிடையாது. வீட்டை விற்கவோ, கூடின வாடகைக்கு வேறு ஆளுக்குக் கொடுக்கவோ இதைக் கேட்கவில்லை. உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, மே மாதம் வரை வாடகை முழுவதும் வந்துவிட்டது, அதையும் இதிலேயே எழுதி வைக்கிறேன்.

நமது எழுத்து ஒப்பந்தம் 2023 டிசம்பரோடு முடிந்தது, அப்புறம் மாத வாடகைக்குத்தான் இருக்கிறீர்கள். வீடு 1994இல் கட்டி முடித்தது, 1980க்குப் பிறகு கட்டிய குடியிருப்பு வீடு என்பதால் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வராது. மாத வாடகைக்கு ஒரு முழு மாத அறிவித்தல் போதும் என்றாலும் ஜூனிலிருந்து நாலு மாதம் தருகிறேன். சின்னவன் ஆகஸ்ட் 10 ஆம் திகதி புலமைப்பரிசில் எழுதுகிறான், அதற்கு முதல் அவனுடைய மேசையைக் கூட நகர்த்த வேண்டாம். ஒக்டோபர் பிறந்தால் வாடை மழை தொடங்கிவிடும், சாமானை நனைய விடாமல் ஏற்ற அதற்கு முன்னால் போய்விடுவதுதான் உங்களுக்கும் நல்லது.

செப்டம்பர் வரை வாடகை அதே 30,000 ரூபாதான், ஒரு சதமும் கூட்ட மாட்டேன். ஒக்டோபர் முதல் வாடகை என்று பணம் போட வேண்டாம். அப்படிப் போட்டாலும் அதைப் புதிய வாடகையாக ஏற்க மாட்டேன், இந்த அறிவித்தலை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது. முந்திப் போக முடிந்தால் இரண்டு கிழமைக்கு முதல் சொல்லுங்கள், இருந்த நாளுக்கு மட்டும் கணக்குப் பார்ப்போம்.

முற்பணம் 180,000 ரூபா என்னிடம் இருக்கிறது. புது வீட்டுக்கு நீங்களும் முற்பணம் கட்ட வேண்டும் என்பது தெரியும், வீடு பார்த்துப் பேசி முடித்ததும் சொல்லுங்கள், 90,000ஐ உடனே வங்கியில் போடுகிறேன். மிச்சம் திறப்புத் தரும் அன்றைக்கே. மின்சாரம், தண்ணீர் இரண்டு மீற்றரையும் அன்று சேர்ந்தே வாசித்து, நிலுவை இருந்தால் மட்டும் பில்லைக் காட்டிக் கழிப்பேன். சுவர்ப் பூச்சு மங்கினதுக்கோ, உப்புக்காற்றில் கேற் துருப்பிடித்ததுக்கோ காசு கழிக்க மாட்டேன், அது குடியிருந்தால் வரும் தேய்மானம். நீங்கள் பூட்டின இரண்டு மின்விசிறியும் உங்களுடையவை, கழற்றிக்கொண்டு போங்கள்.

இந்த நாலு மாதமும் அது உங்கள் வீடுதான். தண்ணீரையோ கரண்டையோ வெட்டுவது, பூட்டு மாற்றுவது, ஆள் விட்டு நெருக்குவது எதுவும் என் பக்கத்திலிருந்து நடக்காது, அப்படி யாராவது வந்தால் என் பெயரைச் சொன்னாலும் உள்ளே விடாதீர்கள். அளவெடுக்க ஒரு தரம் தச்சரோடு வர வேண்டும், முதல் நாளே போன் செய்து, நீங்கள் சரி என்ற நேரத்துக்குத்தான் வருவேன். செப்டம்பர் தாண்டியும் காலியாகாவிட்டால் நான் நீதிமன்றம் மூலமாகத்தான் போக வேண்டியிருக்கும், வேறு வழியில் போக மாட்டேன்.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், ஒரு பிரதியைக் கையிலும் கொண்டுவந்து தருவேன். கிடைத்த திகதியை எழுதி ஒரு கையெழுத்து வையுங்கள், அந்தக் கையெழுத்து கிடைத்தது என்பதற்கு மட்டும்தான், சம்மதம் என்று ஆகாது. திகதியிலோ கணக்கிலோ ஏதாவது பிழை என்றால் ஜூன் 10க்குள் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
அண்ணன்
(வீட்டு உரிமையாளர்)