ஆய்வுத் தரவு மேலாண்மை விளக்கம்: இராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்களின் தொழிலறிவு

இந்த ஆய்வில் பாம்பன் சின்னப்பாலத்திலும் ஏர்வாடியிலும் பாசி எடுக்கும் 40 பெண்களிடமிருந்து ஏறத்தாழ 80 மணி நேர ஒலிப்பதிவு, அதன் எழுத்துப்படி, மாதாந்திர வரவு செலவுக் குறிப்பு ஆகியவை திரட்டப்படும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், ஒருவர் எந்தத் தீவோரத்தில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தார் என்ற ஒரு வரியே அவர்மீது வழக்குப் பாயக் காரணமாகலாம். ஆகவே இடக்குறிப்பைத் திரட்டிவிட்டுப் பிறகு மறைக்கும் வழியை நாங்கள் ஏற்கவில்லை; அதைத் திரட்டவே மாட்டோம். பேச்சினிடையே தீவின் பெயர் வந்துவிட்டால், அன்றிரவே ஒலிப்பதிவில் அப்பகுதி நீக்கப்படும்.

ஒப்புதலை வியாபாரியோ ஊர்த் தலைவரோ உடனிருக்கும்போது கேட்பதில்லை. கடலிலிருந்து திரும்பி, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து, கஞ்சி குடித்து ஓய்ந்தபின் அவரவர் வீட்டில் கேட்போம். முன்கள ஆய்வில், பாறையில் தேய்ந்த விரல்களின் ரேகை படிவத்தில் தெளிவாகப் பதியாததைக் கண்டோம். எனவே கையொப்பமிட இயலாதவர்கள் தாங்கள் தேர்ந்த சாட்சியின் முன்னிலையில் வாய்மொழியாக ஒப்புதல் அளிக்கலாம். பங்கேற்பு, ஒலிப்பதிவு, பிற ஆய்வாளர்களுடன் பகிர்வு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒப்புதல் பெறப்படும். ஒன்றை மறுத்தாலும் மற்றவற்றில் தொடரலாம். எழுத்துப்படியை அவர்களுக்கே வாசித்துக் காட்டுவோம். அதன்பின் 60 நாட்களுக்குள் காரணம் கூறாமல் முழுவதுமாக விலகிக்கொள்ளலாம்.

உப்புக்காற்றிலும் மின்தடையிலும் ஒரே வன்தட்டை நம்பியிருக்க முடியாது. அன்றன்றைய கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டு, களப்பணி மடிக்கணினி, தனி வன்தட்டு, பல்கலைக்கழக சேவையகம் ஆகிய மூன்றிலும் இருக்கும். கோப்புப் பெயர்கள் `P07_2027-02_A.wav` என்ற வடிவில் அமையும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியலும் வாய்மொழி ஒப்புதல் பதிவுகளும் வேறொரு கடவுச்சொல்லுடன் முதன்மை ஆய்வாளரிடம் மட்டும் இருக்கும்.

சிற்றூரில் பெயரை நீக்குவது மட்டும் போதாது. கணவரை எந்த ஆண்டில் கடலில் இழந்தார் என்ற செய்தியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய விவரங்களைப் பொதுமைப்படுத்திய பிறகே, ஒப்புதல் தந்தவர்களின் எழுத்துப்படிகள் ஆய்வு முடிந்த 12 மாதங்களில் ஜெனோடோ களஞ்சியத்தில் கட்டுப்பாட்டுடன் கூடிய அணுக்கத்தில் வைக்கப்படும். தனிநபர் விவரமற்ற வரவு செலவுத் தொகுப்பு அட்டவணை அனைவருக்கும் திறந்திருக்கும். ஒலிப்பதிவு எவருக்கும் பகிரப்படாது. முடிவுகளின் தமிழ்ச் சுருக்கம் முதலில் இரண்டு ஊர்ப் பெண்களின் கூட்டங்களில் வாசிக்கப்படும்.

பெயர்ப் பட்டியல் களப்பணி முடிந்த 6 மாதங்களிலும், ஒலிப்பதிவுகளும் ஒப்புதல் பதிவுகளும் ஆய்வு முடிந்த 5 ஆண்டுகளிலும் எல்லாப் படிகளிலிருந்தும் அழிக்கப்படும். அழித்த நாளும் அழித்தவர் பெயரும் பதிவேட்டில் குறிக்கப்பட்டு, நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்கப்படும்.