பூட்டு அசையுமா?

(வேலூர்க் கோட்டை அகழியோரம். நாளை உயிர்வேதியியல் தேர்வு.)

சுமதி: நொதி பூட்டு, வினைபடு பொருள் சாவி. ஃபிஷர் 1894-லேயே சொல்லிவிட்டாரே, அதில் என்னடி குறை?

ரேவதி: ஹெக்சோகைனேஸ் என்ற நொதியைப் பாரு. குளுக்கோஸ் வந்து உட்கார்ந்ததும் அதன் இரண்டு பகுதிகளும் நெருங்கி மூடிக்கொள்கின்றன. பூட்டு அப்படி அசையுமா?

சுமதி: மூடினால் என்ன லாபம்?

ரேவதி: அங்கேதான் விஷயமே இருக்கு! செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துக் குளுக்கோஸுக்குக் கொடுப்பதுதான் இந்த நொதியின் வேலை. அந்தப் பாஸ்பேட்டைத் தண்ணீரும் வாங்கிக்கொள்ளலாம். விறைப்பான பூட்டு என்றால் சின்ன மூலக்கூறான தண்ணீர் சுலபமாக நுழைந்துவிடும். ஆனால் நொதியை மூடவைக்க அதனால் முடியாது, குளுக்கோஸால் முடியும். கோஷ்லண்ட் 1958-ல் சொன்ன தூண்டப்பட்ட பொருத்தம் இதுதான்.

சுமதி: அப்போ ஃபிஷர் தப்பா?

ரேவதி: இல்லடி. வடிவம் பொருந்தணும் என்றது சரி. வடிவம் மாறாது என்பதுதான் நிற்கவில்லை.

சுமதி: சரி, மூடுவதைப் படமாகவே போடுகிறேன்.